ஃபிரிட்ஜுக்குள் கார் சாவி

படப்பிடிப்புக்கு முன்னால் சினிமாக்காரர்கள் இரண்டு தடவை இடம் பார்ப்பார்கள். முதல் தடவை, இடம் கதைக்குப் பொருந்துதா என்று இயக்குநர் பார்ப்பார். இரண்டாவது தடவை கேமரா, லைட், சவுண்ட், உதவி இயக்குநர், தயாரிப்பு நிர்வாகி என்று எல்லாருமாகச் சேர்ந்து அதே இடத்தில் நடப்பார்கள். இதுதான் டெக்னிக்கல் ரெக்கி. 2019 டிசம்பரில் யாங்கோனில் அப்படி ஒரு ரெக்கியில் நானும் நடந்தேன். என் சித்தப்பா மகள் எடுத்த சின்ன ஆவணப்படம் அது. பதிவான கார்டுகளைக் காப்பி எடுத்துப் பத்திரப்படுத்துவது என் வேலை.

படம் எங்கள் பெரிய பாட்டியைப் பற்றியது. 1964-இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையானபோது சொந்தக்காரர்கள் கப்பலேறிச் சென்னைக்குப் போய்விட்டார்கள். பாட்டி மட்டும் போகவில்லை. ஏன் என்று சொல்ல இப்போது அவர் ஒருவர்தான் இருக்கிறார், வயது 84. ஒரு மணி நேரம் பேசினால் களைத்துவிடுவார். அதனால் "இன்னொரு தடவை சொல்லுங்க பாட்டி" என்று கேட்க வழியில்லை.

படப்பிடிப்பு ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவாகியிருந்தது. ரெக்கியை முந்தைய வெள்ளியன்று காலை ஏழு மணிக்கே வைத்தார்கள். ஒரே இடம்தான் என்றாலும் கிழமையும் நேரமும் மாறினால் எல்லாம் மாறிவிடும். பக்கத்தில் பள்ளிவாசல் இருந்ததால், வெள்ளி நண்பகல் தொழுகைக்குத் தெருவே நிரம்பிவிடும் என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. பேட்டியைப் பதினோரு மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று உதவி இயக்குநர் குறித்துக்கொண்டார்.

வீடு மூன்றாவது மாடியில், மேற்குப் பார்த்த பால்கனியோடு இருந்தது. காலையில் எதிர்க் கட்டடத்தின் சுவரில் வெயில் பட்டு, அந்த வெளிச்சம் மெதுவாக முன்னறைக்குள் வந்தது. மதியத்துக்கு மேல் நேர் வெயில் விழுந்தால் முகத்தில் பாதி வெளுத்து, பாதி இருண்டுவிடும். அதனால் காலையில் முன்னறையில்தான் எடுக்கணும் என்றார் கேமராமேன். சவுண்ட் பார்த்தவரோ தெருச் சத்தத்துக்குப் பயந்து பின்னறை கேட்டார்.

இந்தச் சண்டை படப்பிடிப்பு அன்று வந்திருந்தால் அரை நாள் போயிருக்கும். அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. சவுண்ட்காரர் முன்னறையின் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டினார். வெறும் சுவர்களில் மோதிச் சத்தம் திரும்பி வந்தது. "தெருச் சத்தம்கூடப் பரவாயில்லை, இந்த எதிரொலியை அப்புறம் எடுக்கவே முடியாது" என்றார். கேமராவுக்குத் தெரியாத இரண்டு சுவர்களில் கம்பளி தொங்கவிடுவது, மைக்கைப் பாட்டியின் நெஞ்சருகே பொருத்துவது என்று முடிவானது. முன்னறையே நிலைத்தது.

அடுத்து மின்சாரம். லைட்காரர் பழைய ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த வயரிங்கில் எதையும் சொருக மாட்டேன் என்றார். 300 வாட் விளக்கை 150 வாட்-மணி பேட்டரியில் போட்டால் அரை மணிதான் வரும். 60 வாட் விளக்கு போட்டால் இரண்டு மணி நேரம் தாங்கும். சுவரிலிருந்து வரும் வெளிச்சம் இருப்பதால் அந்தச் சின்ன விளக்கே போதும் என்று கேமராமேன் ஒத்துக்கொண்டார். கரண்ட் போனால் கீழ்க்கடைக்காரர் நடைபாதையில் ஜெனரேட்டர் ஓட்டுவார். அப்படி நடந்தால் அதுதான் பாட்டிக்கு டீ இடைவேளை என்று அப்போதே பேசிவைத்தார்கள்.

ஃபிரிட்ஜையும் அணைத்தாகணும், அதன் உறுமல் மைக்கில் விழும். அணைத்துவிட்டு மறந்துபோனால் பாட்டியின் சாப்பாடு கெட்டுவிடும். சவுண்ட்காரர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தன் கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் போட்டுவிடுவாராம். சாவியை எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாதே!

ஒன்றுக்கு மட்டும் தீர்வு கிடைக்கவில்லை. 1871-இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலுக்குப் போய்விட்டு, பாட்டி படியேறி வீடு திரும்புவதை எடுக்க என் தங்கை ஆசைப்பட்டாள். "ஆத்தா எத்தனை தடவை படி ஏறுவாங்க?" என்று உதவி இயக்குநர் கேட்டார். "வாரத்துக்கு ஒரு தடவை" என்றார் அத்தை. செங்குத்தான படி, பக்கக் கைப்பிடியும் ஆடியது. அந்தக் காட்சியை அங்கேயே அடித்துவிட்டார்கள்.

அப்போது பால்கனியில் மணி ஒன்று கிணுங்கியது. அந்தத் தெருவில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் கீழே ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப் இருக்கும். கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். யாரோ கயிற்றில் பூப்பொட்டலம் மாட்டியிருந்தார்கள். பாட்டி எழுந்து போய், கைமாற்றிக் கைமாற்றி இழுத்து எடுத்தார். "நான் இறங்காட்டி என்னய்யா, கடைவீதி ஏறி வருதுல்ல" என்றார்.

படியேறும் காட்சி இருந்த இடத்தில் உதவி இயக்குநர் எழுதிக்கொண்டார்: "காலை 7.15, பால்கனி, பூ, கயிறு, ஒரே டேக். மணிச் சத்தம் வேணும்."