இலக்கம் மாறினால் யாரிடம் சொல்வது?

பழைய பல்லேகமக் கடைத்தெரு இன்று களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. 2018இல் புதிய லக்கல நகரம் திறக்கப்பட்டபோது அலுவலகங்களும் கடைகளும் அங்கே போயின. என் மாமாவின் குடும்பமும் அந்த நாட்களில்தான் வீடு மாறியது. அப்போது மாமா செய்த முதல் வேலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாமான்களை இறக்கியதும் இறக்காததுமாகத் தபால்காரரைத் தேடிப் போனார். “வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆறுதலாகச் சொல்லலாம் மகள். கடிதம் கொண்டு வாற மனிசனுக்குத்தான் முதலில் சொல்லோணும்” என்றார். பழைய விலாசத்துக்கு வருகிற கடிதம் அந்த ஒருவரின் கையைத் தாண்டித்தான் தொலைய வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தால் அது தொலையாது.

கைத்தொலைபேசி இலக்கத்துக்கும் மின்னஞ்சலுக்கும் அப்படி ஒரு தபால்காரர் இல்லை. பழைய இலக்கத்துக்கு வந்த குறுஞ்செய்தி நம்மைத் தேடி வராது. அனுப்பியவருக்கும் அது போய்ச் சேரவில்லை என்று பெரும்பாலும் தெரியாது. அதைவிடச் சங்கடம், பாவிக்காமல் விட்ட இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலத்தின் பின் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அப்போது நம்முடைய நேர்முகப் பரீட்சை அழைப்பை யாரோ ஒருவர் வாசித்துவிட்டு அழித்துவிடுவார்.

அதே மாமாவின் மகளுக்கு நடந்ததை இங்கே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உயர்தரம் முடித்து, மாத்தளையில் ஒரு கணக்கியல் பாடநெறியும் முடித்துவிட்டுக் கண்டியிலுள்ள ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் பதவிக்கு இணையத்தில் விண்ணப்பித்திருந்தாள். இரண்டு கிழமை கழித்து, மாத்தளை பஸ்ஸில் அவளுடைய தொலைபேசி காணாமல் போய்விட்டது. இரவு எனக்கு உம்மாவின் தொலைபேசியில் பேசினாள். “தாத்தா, ஃபோன் போனது போகட்டும். அந்த நம்பரத்தானே கொம்பனிக்குக் குடுத்தீக்கிது” என்றாள்.

சிம் தொலைந்தால் இலக்கமும் தொலைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சிம் யாருடைய பெயரில் பதியப்பட்டிருக்கிறதோ அவர் தேசிய அடையாள அட்டையுடன் தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்குப் போனால் அதே இலக்கத்தில் புதுச் சிம் தருவார்கள். அப்படிக் கிடைத்துவிட்டால் யாருக்கும் எதுவும் அறிவிக்கத் தேவையில்லை. ஆகவே இலக்கத்தை மாற்ற முன்னர் இதைத்தான் முயன்று பார்க்க வேண்டும். ஆனால் அவளுடைய சிம் நானாவின் பெயரில் இருந்தது. நானா கட்டாரில். நம்முடைய வீடுகளில் இது சாதாரணம்: பிள்ளை பாவிக்கும் சிம் வாப்பாவின் பெயரிலோ நானாவின் பெயரிலோ இருக்கும், அவர் கடல் கடந்து இருப்பார். அடையாள அட்டை கிடைத்த பிள்ளை தன் பெயரிலேயே ஒரு சிம் எடுத்து, அந்த இலக்கத்தை மட்டும் விண்ணப்பங்களுக்குக் கொடுப்பது நல்லது. இதைப் பெற்றோரும் யோசிக்க வேண்டும்.

அவளுக்கு வேறு வழியில்லாமல் தன் பெயரில் புது இலக்கம் எடுத்தாள். இனி அதை நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். புது இலக்கத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும் என்று அவள் நினைத்தாள். நான் வேண்டாம் என்றேன். மறுபக்கத்தில் இருப்பவரின் இடத்திலிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். அவருக்கு அறிமுகமில்லாத ஓர் இலக்கத்திலிருந்து, ‘நான் இன்னார், இனி எனக்கு இந்த இலக்கத்தில் பேசுங்கள்’ என்று ஒரு செய்தி வருகிறது. அது யாராகவும் இருக்கலாம். கவனமான அலுவலர் அதை அப்படியே விட்டுவிடுவார். ஆகவே மாறாமல் இருக்கும் வழியாகத்தான் மாறியதைச் சொல்ல வேண்டும். இலக்கம் மாறினால் விண்ணப்பத்தில் கொடுத்த அதே மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டும். மின்னஞ்சல் மாறினால் பழைய மின்னஞ்சலிலிருந்தே எழுதி, புதிய முகவரிக்கும் பிரதி போட வேண்டும். பழையதைத் திறக்க முடியாவிட்டால் விண்ணப்பத்தில் உள்ள தொலைபேசி இலக்கத்திலிருந்து அழைத்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டால் நாம் நாம்தான் என்று காட்ட நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது.

விண்ணப்பம் கிடைத்ததென்று நிறுவனம் முன்னர் அனுப்பிய மின்னஞ்சல் அவளிடம் இருந்தது. அதன் கீழேயே பதில் எழுதினாள். அப்படி எழுதினால் வாசிப்பவர் பழைய கடிதத்தைத் தேட வேண்டியதில்லை, விண்ணப்பமும் உடனே கண்ணில் படும். தலைப்பில் ‘தொலைபேசி இலக்க மாற்றம்’ என்று தொடங்கி, பெயர், பதவி, விண்ணப்ப இலக்கம் ஆகியவற்றைச் சேர்த்தாள். கடிதம் இவ்வளவுதான்:

“கணக்கு உதவியாளர் பதவிக்குக் கடந்த 12ஆம் திகதி விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தில் தந்திருந்த, 18 என்று முடியும் தொலைபேசி இலக்கம் இப்போது பாவனையில் இல்லை. அதற்குப் பதிலாகக் கீழே தந்துள்ள, 64 என்று முடியும் இலக்கத்தைப் பதிந்துகொள்ளுமாறு வேண்டுகிறேன். மின்னஞ்சலில் மாற்றம் இல்லை. பழைய இலக்கத்துக்கு ஏற்கெனவே ஏதும் செய்தி அனுப்பப்பட்டிருந்தால் அதை இந்த மின்னஞ்சலுக்கு மீண்டும் அனுப்பித் தருமாறும், இம்மாற்றம் பதியப்பட்டதை அறியத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.”

இரண்டு இலக்கங்களையும் கீழே முழுமையாக எழுதினாள். பழையதையும் எழுதுவது முக்கியம். பதிவில் எதை அழித்து எதை எழுதுவது என்று அலுவலருக்கு அது இருந்தால்தான் தெரியும். பஸ்ஸில் தொலைந்த கதையை முதலில் ஒரு பந்தி முழுக்க எழுதியிருந்தாள். அதை வெட்டிவிட்டோம், ஏனென்றால் அது வேலை கொடுப்பவருக்குத் தேவையில்லாத செய்தி. சுயவிபரக்கோவையிலும் இலக்கத்தைத் திருத்தி, புதிய பிரதியை இணைத்தாள்.

மறுநாளே “பதிந்துகொண்டோம், நன்றி” என்று பதில் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. ஓர் இலக்கம் ஒரு நிறுவனத்தில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நாம் அனுப்பிய சுயவிபரக்கோவையில் இருக்கும். இணையத்தளத்தில் நாம் திறந்த கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கிலிருந்து அனுப்பிய விண்ணப்பத்தில் தனியாகவும் இருக்கும். நேர்முகப் பரீட்சைப் பட்டியலை யாராவது தயாரித்திருந்தால் அதிலும் இருக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றவை தானாகத் திருந்தும் என்று சொல்ல முடியாது. பல இணையத்தளங்களில் நம் கணக்கில் இலக்கத்தை மாற்றினாலும், முன்பே அனுப்பிய விண்ணப்பம் அனுப்பிய நாளில் இருந்தபடியே நிற்கும். இனி அனுப்புகிற விண்ணப்பங்களில்தான் புதியது வரும். மறுபக்கமாக, அலுவலர் தன் குறிப்பில் எழுதிக்கொண்டாலும், குறுஞ்செய்தி அனுப்பும் கணினி விண்ணப்பத்தில் இருக்கும் இலக்கத்தைத்தான் எடுக்கும்.

ஆகவே இணையத்தளக் கணக்கிலும் அவளே மாற்றினாள். பிறகு, மாற்றம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க ஒரு கிழமை கழித்து வெள்ளிக்கிழமை காலையில் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். “என்னுடைய இலக்கம் மாறியதா?” என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் “ஓம்” என்ற பதில்தான் வரும். “உங்கள் பதிவில் எனக்கு இப்போது எந்த இலக்கம் இருக்கிறது, கடைசி இரண்டு எண்களைச் சொல்ல முடியுமா?” என்று கேட்டாள். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “18” என்றார் அந்தப் பெண். அதோடு, “உங்களுக்கு நேற்றே மெசேஜ் போயிருக்கே, செவ்வாய்க்கிழமை நேர்முகப் பரீட்சை” என்றும் சொன்னார்.

நேர்முகப் பரீட்சைக்கு நான்கு நாட்கள்தான் இருந்தன. பல்லேகமப் பக்கத்திலிருந்து காலை ஒன்பது மணிக்குக் கண்டியில் நிற்க வேண்டுமென்றால் விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டும், கூட யார் போவது என்று வீட்டில் பேச வேண்டும், சான்றிதழ்களின் பிரதிகளை உறுதிப்படுத்த வேண்டும். திங்கட்கிழமை மாலை தெரிந்திருந்தால் அவளால் போயிருக்க முடியாது. அந்த அழைப்பை எடுத்ததால் போனாள்.

மின்னஞ்சல் மாறுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கல்வி நிறுவனம் தந்த முகவரியைப் பாவித்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன், ஏனென்றால் படிப்பு முடிந்து சில காலத்தில் அந்த முகவரி மூடப்படலாம். Gmail பாவிப்பவர்கள், பழைய பெட்டி திறந்திருக்கும்போதே Settings என்பதற்குள் Forwarding and POP/IMAP என்ற பகுதியில் புதிய முகவரியைக் கொடுத்து, அதை உறுதிப்படுத்தி, முன்னனுப்புதலை இயக்கிவிட்டால், பழையதுக்கு வரும் புதிய கடிதங்கள் தாமாகவே இங்கே வந்துவிடும். மாமா தேடிப்போன தபால்காரருக்கு இணையத்தில் இருக்கும் நிகர் இதுதான். ஆனால் ஸ்பாம் பெட்டிக்குள் விழுந்தவை அப்படி வருவதில்லை. நேர்முகப் பரீட்சை அழைப்புகள் அதற்குள் விழுவது அபூர்வமல்ல என்பதால், பழைய பெட்டியையும் கிழமைக்கு ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் இலக்கம் மாற்றுவதற்கென்று Change number என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதன் வழியாக மாற்றினால் பழைய உரையாடல்கள் நம்மோடு இருக்கும், தொடர்பில் இருந்தவர்களுக்கும் அறிவிக்கலாம்.

அரசாங்க வேலைகளுக்கு வழி கொஞ்சம் வேறு. வர்த்தமானி அறிவித்தலின்படி விண்ணப்பித்துப் பரீட்சைத் திணைக்களத்தின் போட்டிப் பரீட்சைக்குக் காத்திருப்பவர்கள், அனுமதி அட்டைகள் அனுப்பப்பட்டதும் திணைக்களம் பத்திரிகையில் அறிவித்தல் போடுமென்பதை மறக்கக்கூடாது. அந்த அறிவித்தல் வந்து இரண்டு மூன்று நாட்களில் அட்டை கிடைக்காவிட்டால் நாமே விசாரிக்க வேண்டும். பரீட்சையின் பெயர், முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம் ஆகியவற்றைக் கேட்பார்கள். விண்ணப்பத்தின் பிரதியும், கட்டணம் செலுத்தியதற்கும் பதிவுத் தபாலில் அனுப்பியதற்கும் உரிய பற்றுச்சீட்டுகளும் கையில் இருந்தால் விசாரணை விரைவில் முடியும். மாமி அந்தப் பற்றுச்சீட்டுகளை குர்ஆன் வைக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டில், பிறப்புச் சான்றிதழ்களோடு வைத்திருப்பார்.

அந்தக் கணக்கு உதவியாளர் வேலை மாமாவின் மகளுக்குக் கிடைக்கவில்லை. அனுபவமுள்ள வேறொருவரை எடுத்தார்கள். ஐந்து மாதத்தின் பின் அதே நிறுவனத்தில் இன்னொரு வெற்றிடம் வந்தபோது, முன்னர் வந்தவர்களின் பட்டியலைப் பார்த்து அவளை அழைத்தார்கள். அந்த அழைப்பு 64 என்று முடியும் இலக்கத்துக்கு வந்தது. லுஹருக்கு வுளூ செய்துகொண்டிருந்தவள் ஈரக் கையோடு ஓடிவந்து எடுத்தாள்.