கடிதத்தில் கையெழுத்திடாதவர்கள்

என் அம்மாவைப் பெற்ற தாத்தா பொன்முடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளியாக இருந்தவர். லயத்திலிருந்து, தென்காசிப் பக்கத்து ஊரில் வாழ்ந்த தம் தங்கைக்கு 1968 முதல் 1983 வரை அவர் எழுதிய 61 கடிதங்கள் இன்று என்னிடம் உள்ளன. இருவருமே காலமாகிவிட்டனர். கடிதங்களைக் காத்துவந்தவர் அந்தத் தங்கையின் மகள். எனக்கு அத்தை முறை. "உங்க தாத்தா எழுதுனதுதானே, நீ எடுத்துக்கோ" என்று அவர் கொடுத்தார். எப்போது படியெடுக்கப் போகிறாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதற்கு முன் எழுந்த சில கேள்விகளை இங்கே பகிர்கிறேன்.

வெளியிடும்போது ஒப்புதல் பெற்றால் போதும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் மங்கிய மையில், மடித்த இன்லண்டு தாளின் ஓரம்வரை நெருக்கி எழுதிய கடிதம் தன்னைத்தானே ஓரளவு காத்துக்கொள்கிறது. தட்டச்சு செய்த மறுகணம் அது தேடக்கூடிய கோப்பாகிறது. ஒரு பெயரை உள்ளிட்டால், பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பெயருக்குரியவரைப் பற்றிச் சொல்லப்பட்டவை அனைத்தும் ஒரே திரையில் வந்து நிற்கும். அக்கோப்பு நெறியாளருக்கும் சக ஆய்வாளருக்கும் போகும். எனவே ஒப்புதல் பற்றிய கேள்வி படியெடுப்பதற்கு முன்பே எழுகிறது.

அத்தையின் ஒப்புதல் எதற்குப் பொருந்தும்? பெற்றவருக்குத் தாள் சொந்தம். எழுதியவருக்கும் அவருக்குப்பின் அவர் வாரிசுகளுக்கும் சொற்கள் சொந்தம். எழுதியவர் வாழ்நாளில் வெளிவராத எழுத்துக்கு, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி 60 ஆண்டுக் கணக்கு வெளியான பிறகே தொடங்குகிறது. ஆகவே அத்தை தாளைத் தரலாம்; பதிப்பிக்கும் உரிமையைத் தாத்தாவின் மக்கள்தாம் தரவேண்டும். அந்தரங்கத்தைப் பொறுத்தவரை, ஒருவரது அந்தரங்க உரிமை அவர் மறைவோடு முடிந்துவிடுகிறது என்று ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பான வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் கூறியது. தாத்தாவைப் பொறுத்தவரை சட்டம் வழிவிடுகிறது.

புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களை நாம் நூலாக வாசிக்கிறோம். 1948இல் திருவனந்தபுரத்தில் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவை அச்சேறின. அங்கே எழுதியவர் பொதுவாழ்வுக்கு வந்த எழுத்தாளர். கடிதங்களின் மையமும் கணவன் மனைவி என்னும் இருவர்தாம். என் தாத்தாவின் கடிதங்கள் அப்படிப்பட்டவை அல்ல. லயத்தில் எழுதத் தெரிந்த சிலருள் அவர் ஒருவர். அதனால் அவருடைய கடிதத்தில் அண்டை வீடுகளின் செய்தியும் சேர்ந்தே ஊருக்குப் போயிற்று.

ஒரு கடிதத்தைச் சான்றாக, அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித் தருகிறேன். முதல் பத்தியில் மழையும் குறைந்த கூலியும். இரண்டாவதில் தாத்தாவின் கடன். மூன்றாவதில் உடன் வேலைசெய்த ஒருவரின் நோய். நான்காவதில், புகுந்த வீட்டிலிருந்து திரும்பிவந்த ஓர் இளம்பெண். அதற்கான காரணமும் எழுதப்பட்டிருக்கிறது. முதலிரண்டு பத்திகளுக்குக் குடும்பத்தின் இசைவு போதும். பின்னிரண்டும் தாத்தாவுக்கே உரியவை அல்ல. அவ்விருவரும் கடிதத்தில் கையெழுத்திடவில்லை. அந்தப் பெண் இன்று எழுபதைக் கடந்து உயிரோடு இருக்கக்கூடும்.

பெயரை மாற்றினால் போதாதா? பெருநகரத்தில் போதலாம். சில பத்துக் குடும்பங்களே வாழ்ந்த இடத்தில் 'கங்காணியின் மூத்த மகள்' என்ற மூன்று சொற்களே ஆளைக் காட்டிவிடும். மாற்றுப்பெயர் சரிதானா என்பதை அறிய ஒரு வழி உண்டு: பெயர், உறவு, வீட்டு வரிசை, தேதி ஆகியவற்றுள் எந்த இரண்டைச் சேர்த்தால் அங்கு வாழ்ந்த ஒருவர் ஆளை ஊகிக்க முடியும் என்று பார்க்கவேண்டும்.

இதைவிடக் கடினமானது, ஒப்புதல் கேட்பதே சில வேளை இரகசியத்தை உடைத்துவிடும் என்பது. அப்பெண்ணின் மகனிடம் போய் அனுமதி கேட்டால், அவர் அறியாத ஒன்றை நானே அறிவித்தவனாவேன். ஆகவே உரியவரிடம் மட்டும், தனியாக, கடிதத்தை அவருக்கே படித்துக்காட்டிக் கேட்கவேண்டும். அவர் இல்லையென்றால், மக்களிடம் கேட்பதைவிட அப்பகுதியை மறைத்துவைப்பதே நேர்மை.

எனவே முதலில் தட்டச்சு செய்யாமல் 61 கடிதங்களையும் வாசித்து ஒரு கைப்பதிவேடு எழுதினேன். அதில் தேதி, கடிதத்தில் குறிப்பிடப்பட்டவர்கள் எத்தனை பேர், நோய், திருமணம், கடன், சாதிப் பிணக்கு ஆகியவற்றுள் எது வருகிறது என்பவை மட்டும் உண்டு; பெயர்கள் இல்லை. அதன்படி 38 கடிதங்களை முழுமையாகப் படியெடுக்கலாம். 17இல் சில வரிகள் விடுபடும். விடுபட்ட இடத்தில் '[பிறர் அந்தரங்கம்: 4 வரி]' என்று அளவோடு குறிப்பேன். அப்போதுதான் அடுத்த ஆய்வாளர் அதைத் தாள் சிதைவு என்று தவறாக எண்ணமாட்டார். எஞ்சிய 6 கடிதங்கள், உரியவர்களைக் காணும்வரை, தாளிலேயே இருக்கும்.

ஆய்வேட்டுக்கு அந்த ஆறும் மிகப் பயன்படும் என்பதை அறிவேன். லயத்துப் பெண்களின் வாழ்வைப் பற்றி மிகுதியாகப் பேசுபவை அவையே.