இடம் மாறியதைத் தொலைந்தது என்று எண்ணாதீர்கள்

மைசூரு குவெம்பு நகரில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. நான்கு ஆண்டுகளாகத் தம் குடும்ப வரலாற்றைத் தமிழில் தட்டச்சு செய்து, எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தார். ஒரு நாள் காலையில் வந்து, "அண்ணா, எல்லாம் போச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

முதல் நாள் இரவு, OneDrive இடம் நிறைந்துவிட்டது என்று கணினி மறுபடியும் எச்சரித்திருக்கிறது. இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான். தொல்லை வேண்டாமென்று அவர் பேக்கப்பை நிறுத்திவிட்டார். உடனே திரை வெறிச்சோடிப் போனது. "விண்டோஸை ரீசெட் செய்துவிடுங்கள்" என்று உறவுக்காரப் பையன் போனில் சொன்னானாம். நல்லவேளை, அதற்குள் இங்கே வந்துவிட்டார்.

பேக்கப்பை இயக்கும்போது கணினி நம் டெஸ்க்டாப்பை நகலெடுப்பதில்லை, இடம் மாற்றுகிறது. கோப்புகள் OneDrive கோப்புறைக்குள் இருக்கும் இன்னொரு Desktop-க்குப் போய்விடும். திரையில் நாம் பார்ப்பது அந்த இரண்டாவது அறையைத்தான். பேக்கப்பை நிறுத்தினால் திரை பழைய அறைக்குத் திரும்பும். கோப்புகள் பெரும்பாலும் போன இடத்திலேயே தங்கிவிடும். பழைய அறை காலியாக இருப்பதால்தான் நெஞ்சு பதறுகிறது.

விண்டோஸ் விசையோடு R-ஐ அழுத்தி இதைத் தட்டச்சு செய்தோம்:

```
%OneDrive%\Desktop
```

அத்தனையும் அங்கே இருந்தன. பழைய அறைக்கு வழி இது:

```
%USERPROFILE%\Desktop
```

முதலாவதிலிருந்து இரண்டாவதற்குக் கொண்டுபோனோம். 'கட்' செய்யாமல் 'காப்பி' செய்தோம். சில கோப்புகளின் அருகே மேகக் குறி இருந்தது. அவற்றின் பெயர்தான் கணினியில் இருக்கிறது, உள்ளடக்கம் இணையத்தில். அதனால் அவை இறங்கி முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம்.

அப்போது ஒன்று தெரிந்தது. இடம் நிறைந்த பிறகு அவர் எழுதிய கடைசி மூன்று அத்தியாயங்கள் இணையத்துக்கு ஏறவே இல்லை. அந்தக் கணினியில் மட்டுமே இருந்தன. ரீசெட் செய்து எல்லாவற்றையும் அழித்திருந்தால், அவை உண்மையாகவே போயிருக்கும்.

எல்லாம் திறந்த பின்புதான் OneDrive-இல் இருந்த பழைய பிரதிகளை நீக்கினோம். அங்கே நீக்கினால் இணையத்திலும், அதே கணக்கு உள்ள மற்றக் கணினிகளிலும் நீங்கிவிடும். தவறி நீக்கியவர்கள் OneDrive இணையதளத்தின் Recycle bin-ஐப் பார்க்கலாம். தனிநபர் கணக்கில் 30 நாள் இருக்கும்.

காணோம் என்றதும் கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில் அழிக்கும் பொத்தான் எதையும் தொடாதீர்கள். அந்த அம்மாவின் மூன்று அத்தியாயங்கள் பிழைத்தது, ரீசெட் பொத்தானை அழுத்தாமல் அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதால்தான்.