வாழை இலை ஏன் மஞ்சளாகிறது? - வாட்ஸ்அப் கேள்விகள் வீடியோவான கதை

திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. எல்லோருக்கும் ரங்கநாதர் கோயிலைத் தெரியும். இந்தப் பக்கத்து வாழைத் தோப்புகளைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு பலர் மறந்துவிடுவார்கள்.

அந்தத் தீவில் ஒருவர் வாழைக்கன்று விற்கிறார். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், கற்பூரவள்ளி எல்லாம் அவரிடம் கிடைக்கும். கன்று வாங்கிப் போனவர்கள் அதோடு அவரை விட்டுவிடுவதில்லை. காலை ஐந்து மணிக்கே வாட்ஸ்அப்பில் இலையின் படம் வந்துவிடும். "அண்ணே, இது என்னன்னு பாருங்க." ஒரே பதிலை ஒரு நாளைக்கு ஆறேழு முறை சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் ஒரு யோசனை சொன்னாள். "அப்பா, ஒரு தடவை கேமரா முன்னாடி சொல்லிடுங்க. கேக்கறவங்களுக்கு அதை அனுப்பிடலாம்."

இது புது யோசனை ஒன்றும் இல்லை. 2004ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த சல்மான் கான், வேறு ஊரில் இருந்த தன் உறவுக்காரப் பெண் நாடியாவுக்குத் தொலைபேசி வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். மற்ற உறவினர் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, 2006ல் பாடங்களை யூட்யூபில் ஏற்றினார். நேரில் சொல்வதைவிட வீடியோவே பிடித்திருப்பதாகப் பிள்ளைகள் சொன்னார்களாம். புரியாத இடத்தில் நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம், இன்னொரு முறை கேட்க வெட்கப்பட வேண்டாம். கான் அகாடமி பிறந்த கதை இதுதான்.

ஆனால் வாழைக்கும் கணக்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அது அந்தப் பெண்ணுக்கு முதல் வீடியோவிலேயே புரிந்தது.

அதிகம் பேர் கேட்டது "இலை மஞ்சளாகுது, என்ன செய்ய?" என்றுதான். அப்பா வழக்கமாகச் சொல்லும் பதில் பொட்டாஷ் சத்துக் குறைவு என்பது. முப்பது விநாடியில் அதையே வீடியோவாக எடுத்தார்கள். நிறையப் பேர் பார்த்தார்கள், பலருக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு விவசாயி போன் செய்தார். அவர் தோட்டத்தில் இருந்தது ரஸ்தாளி. வீடியோவைப் பார்த்துப் பொட்டாஷ் போட்டிருக்கிறார். மஞ்சள் நிற்கவில்லை. அதற்குள் அதே தோட்டத்தின் பக்கக்கன்றுகளை எடுத்து இன்னொரு வயலிலும் நட்டுவிட்டார். அவருக்கு வந்திருந்தது சத்துக் குறைவு இல்லை, வாடல் நோய்.

வாடல் நோய் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வருவது. ரஸ்தாளிக்கு அது பெரிய எதிரி. நோய் பிடித்த தோட்டத்தின் கன்றோடும் மண்ணோடும் அது அடுத்த வயலுக்குப் போகும். ஒருமுறை மண்ணுக்குள் புகுந்துவிட்டால் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். அந்த முப்பது விநாடி வீடியோவால் ஒரு வயலோடு போக வேண்டியது இரண்டு வயலானது.

அன்று இரவே மகள் வீடியோவை நீக்கினாள். பிறகு பழைய அரட்டைகளை முதலிலிருந்து படித்தாள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு உரையாடலையும் 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் எழுத்துக் கோப்பாக எடுக்கலாம். அப்படி எடுத்து, பெயரையும் எண்ணையும் விட்டுவிட்டு, கேள்விகளை மட்டும் அவர்கள் கேட்ட சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதினாள். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அப்பாவின் பதில்கள் இரண்டு வகையாக இருந்தன.

முதல் வகையில் அவர் உடனே பதில் சொல்லிவிடுகிறார். "ஆறுக்கு ஆறு அடி இடைவெளின்னா ஏக்கருக்கு எத்தனை கன்று?" ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, ஒரு கன்றுக்கு 36 சதுர அடி. வகுத்தால் 1,210. யார் கேட்டாலும் இதே பதில். இது அப்படியே ஒரு வீடியோ ஆகிவிடும்.

இரண்டாவது வகையில் அவர் முதலில் திருப்பிக் கேட்கிறார். "என்ன ரகம்? எத்தனை மாசம்? அடி இலையா, குருத்தா?" இந்தக் கேள்விகளுக்கு ஒரே பதில் கிடையாது. முதல் வீடியோ தவறிய இடம் இதுதான். அப்பா திருப்பிக் கேட்பதை வெட்டிவிட்டு முடிவை மட்டும் காட்டியிருந்தார்கள்.

புது வீடியோவில் மருந்தே இல்லை, சோதனை மட்டும்தான். அடி இலை ஓரத்திலிருந்து மஞ்சளாவது இரண்டிலும் உண்டு, எனவே அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று அப்பா தொடங்குகிறார். பிறகு தண்டின் அடியைக் காட்டுகிறார். வாடல் நோயில் வெளி மட்டை நெடுக்காக வெடித்திருக்கும், மஞ்சளான இலைகள் காம்பில் ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். கடைசியாகச் சந்தேகமான ஒரு மரத்தை அடியில் குறுக்காக வெட்டுகிறார். உள்ளே வெள்ளையாக இருந்தால் சத்துக் குறைவு, தண்ணீர்க் குறைவு என்ற பக்கம் தேடலாம். பழுப்புச் சிவப்பாகப் புள்ளிகளும் கோடுகளும் இருந்தால் அந்தத் தோட்டத்திலிருந்து ஒரு கன்றைக்கூட எடுக்கக் கூடாது. வெட்டிய கத்தியையும் கழுவாமல் அடுத்த மரத்தில் வைக்கக் கூடாது.

படம் எடுப்பதிலும் சில பாடங்கள் கிடைத்தன. சாயங்கால வெயிலில் எடுத்தால் நல்ல இலையே மஞ்சளாகத் தெரியும். அதனால் காலையில் நிழலில் எடுத்தார்கள், இலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதமும் வைத்தார்கள். காகிதம் வெள்ளையாகத் தெரிந்தால்தான் இலையின் நிறத்தை நம்பலாம். தோப்புக் காற்றில் குரல் அடிபட்டதால் சட்டையில் குத்தும் மைக் ஒன்று வாங்கினார்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் படம் சுருங்கித் தரம் குறையும், தண்டிலுள்ள மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். அதனால் யூட்யூபில் ஏற்றி இணைப்பை மட்டும் அனுப்பினார்கள். தலைப்பும் "வாழையில் ஃபியூசேரியம் வாடல் நோய்" அல்ல. "வாழை அடி இலை மஞ்சளாகுது ஏன்?" என்று, கேட்டவர் கேட்டது போலவே வைத்தார்கள்.

சில கேள்விகளுக்கு வீடியோ எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தார்கள். கன்று விலை அடிக்கடி மாறும், பழைய வீடியோ சண்டையில் முடியும். அதை வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள 'குயிக் ரிப்ளை'யில் எழுதி வைத்து, மாறும்போது திருத்திக்கொள்கிறார்கள். மருந்தின் அளவு கேட்டால், 1993ல் தொடங்கப்பட்ட, திருச்சிக்கு அருகே தாயனூரில் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கோ, கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணுக்கோ அனுப்பிவிடுகிறார்கள்.

வீடியோ சரியாக அமைந்ததா என்று பார்க்க மகள் ஒரு வழி வைத்திருக்கிறாள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை அவள் பார்ப்பதில்லை. பார்த்தவர் அடுத்து என்ன கேட்கிறார் என்று பார்க்கிறாள். அதே கேள்வி திரும்பி வந்தால் வீடியோவை மறுபடி எடுக்க வேண்டும். "வெட்டிப் பாத்தேன், உள்ள சிவப்பா இருக்கு, இப்ப என்ன?" என்று வந்தால் வீடியோ தன் வேலையைச் செய்துவிட்டது.

அப்படி வரும்போது அப்பா இன்னொரு வீடியோவை அனுப்புவதில்லை. போனை எடுத்து அவரே பேசுகிறார்.