மீன்பிடித் தடைக்காலமும் என் பாலிசிப் பையும்

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் என்னை இப்போது "எல்.ஐ.சி. அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிள்ளைகள் வளர்ந்து பகலில் கொஞ்சம் நேரம் கிடைத்ததும் ஏஜெண்ட் ஆனேன். பத்தாவது தேறியிருந்தால் போதும். 25 மணி நேரப் பயிற்சிக்குப் போக வேண்டும், பிறகு ஐ.சி. 38 என்ற பரீட்சை, 50 கேள்விகள், ஒரு மணி நேரம். நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. தமிழிலேயே எழுதலாம். பரீட்சையைவிட எனக்குக் கஷ்டமாகப் பட்டது, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மௌஸைப் பிடிப்பதுதான்!

பாலிசி எடுப்பவர் கட்டும் பணத்திலிருந்து நமக்குக் கமிஷன் வருகிறது. திட்டத்துக்குத் திட்டம் மாறும். முதல் வருஷம் கால் பங்கை ஒட்டி, அப்புறம் வருஷா வருஷம் நூற்றுக்கு ஐந்து, ஏழு என்ற அளவில். முதல் வருஷத்துத் தொகையைப் பார்த்துத்தான் பலர் மயங்குகிறார்கள். ஆனால் அவர்கள் பதினைந்து வருஷம் விடாமல் கட்டினால்தான் நமக்கும் வருமானம் நிற்கும்.

காசிமேட்டுப் பெண் ஒருத்தி ஆடி மாதம் என்னிடம் வந்தாள். மீன் விற்கிறவள், புருஷன் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்.

"அக்கா, மாசாமாசம் ஆயிரம் ரூபா கட்டுற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றாள்.

மாதத் தவணை கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கரையில்தான் நிற்கும். அரசு நிவாரணம் அடுப்புக்கே சரியாகப் போகும். மாதத் தவணைக்குக் கெடு தாண்டி 15 நாள்தான் அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால் பாலிசி காலாவதி. அரையாண்டுத் தவணைக்கோ 30 நாள் அவகாசம் உண்டு. பாலிசி தொடங்கும் தேதியை வைத்துத்தான் தவணைத் தேதியும் வரும். ஆகவே ஆகஸ்டில் தொடங்கி, ஆகஸ்ட், பிப்ரவரி என்று அரையாண்டாகக் கட்டச் சொன்னேன். இரண்டுமே தடைக்காலத்துக்கு வெளியே.

"ஆறாயிரத்தை ஒரே தடவை எப்படிக்கா?" என்றாள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவே 26 வாரம். தடைக்காலம் 9 வாரம் போக மீதி 17. வாரம் 360 ரூபாய் எடுத்து வைத்தால் 6,120 ஆகிறது. மற்ற பாதியில் தடை இல்லை, ஐப்பசி கார்த்திகை மழையில் சில வாரம் போனாலும் சமாளிக்கலாம். தலையை ஆட்டினாள்.

அடுத்தது சர்க்கரை. அவருக்கு மூன்று வருஷமாக மாத்திரை. "அதை எழுதாதீங்கக்கா, காசு ஜாஸ்தியாகும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க" என்றாள். நம் ஊரில் சர்க்கரை இல்லாத வீடு எது? ஆனாலும் மறைக்கிறார்கள். எழுதாமல் விட்டு, மூன்று வருஷத்துக்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், மறைத்த விஷயத்தைக் காட்டிப் பணம் தர மறுக்கக் காப்பீட்டுச் சட்டத்தின் 45வது பிரிவில் இடம் இருக்கிறது. மூன்று வருஷம் தாண்டிவிட்டால் அந்தக் கேள்வி எழுப்ப முடியாது. நடுவில் காலாவதியாகி மறுபடி புதுப்பித்தால் அந்த மூன்று வருஷம் புதிதாக எண்ணப்படும். தவணைத் தேதியில் நான் அவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

"தாலி அறுத்துட்டு நிக்கிற நேரத்துல ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடிக்கிட்டு வருவாங்கடி" என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அழுதுவிட்டாள். மாத்திரைப் பெயரையும் சேர்த்து எழுதினோம். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 5,700 என்று நான் சொல்லியிருந்த தவணை 6,000 ஆயிற்று. அரை வருஷத்துக்கு 300 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடும் நாளில் அவள் கொழுந்தன் வந்தான். "வேற ஏஜெண்ட் முதல் தவணையில பாதி திருப்பித் தர்றாராம், நீங்க என்ன தர்றீங்க?" என்றான். எனக்கு அந்தப் பாலிசியில் முதல் வருஷம் கிடைப்பது 3,000 ரூபாயை ஒட்டித்தான். அதைப் பங்கு போடுவது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41வது பிரிவுப்படி குற்றம். கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு. 10 லட்சம் வரை அபராதம். அதைச் சொன்னேன். இன்னொன்றும் கேட்டேன்: "தம்பி, முதல் வருஷக் காசை உங்ககிட்டயே குடுத்துட்டவர், ரெண்டாவது வருஷம் தவணையை ஞாபகப்படுத்த எதுக்கு உங்க வீட்டுப் படி ஏறப் போறார்?" அவன் பதில் சொல்லவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள்.

பத்திரம் வந்ததும் எடுத்துக்கொண்டு போய், கூடவே இருக்கும் விண்ணப்ப நகலைப் பிரித்து, சர்க்கரை என்று எழுதிய வரியை அவள் விரலை வைத்தே காட்டினேன். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் சொன்னேன். இதைச் சொன்னால் ஆள் போய்விடுமே என்று சில ஏஜெண்டுகள் வாயைத் திறப்பதில்லை.

போன பிப்ரவரியில் நான் போன் பண்ணுவதற்கு முன்பே கட்டிவிட்டாள். ரசீதோடு ஒரு கூறு நெத்திலியும் கொண்டுவந்தாள். நெத்திலிக்குக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.