முகம் மறைத்த படம், மறைக்காத குரல்

அமீன் என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. அவர் முகமும் நமக்குத் தெரியாது. ஆனால், 2021-ல் வெளியான ‘ஃப்ளீ’ என்ற டென்மார்க் படத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் குரல் பழக்கமானது. அது டப்பிங் குரல் அல்ல. தன் வாழ்க்கையை அவரே நண்பரிடம் சொல்லச் சொல்லப் பதிவானது. அந்த ஒலிப்பதிவின் மேல்தான் முழுப் படத்தையும் வரைந்திருக்கிறார்கள்.

காபூலில் பிறந்த அமீன், உள்நாட்டுப் போர் நகரை நெருங்கியபோது குடும்பத்தோடு மாஸ்கோவுக்குத் தப்பினார். பிறகு ஆள் கடத்துபவர்களிடம் பணம் கொடுத்து, பதின்வயதில் தன்னந்தனியாக டென்மார்க் வந்து சேர்ந்தார். குடும்பத்தில் எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று அதிகாரிகளிடம் சொல்லச் சொல்லியிருந்தார்கள், சொன்னார். உண்மை தெரிந்தால் அகதி என்ற பாதுகாப்பு போய்விடுமோ என்ற பயத்தில், அந்தப் பொய்யை 20 ஆண்டுகளுக்கு மேல் சுமந்தார்.

பள்ளி நாட்களில் கிடைத்த நண்பர் யோனாஸ் போஹர் ராஸ்முசென். பிற்பாடு வானொலிக்கு ஆவணப் பதிவுகள் செய்து, பிறகு சினிமாவுக்கு வந்தவர். உன் கதையைப் பதிவு செய்யலாமா என்று அவர் முதலில் கேட்டபோது அமீன் மறுத்துவிட்டார். தெருவில் போகிறவர்களெல்லாம் தன் காயத்தைத் தெரிந்து வைத்திருப்பதை யார்தான் விரும்புவார்கள்? பல ஆண்டுகள் கழித்து, கேமரா வேண்டாம், வரைந்து சொல்லலாம் என்றதும்தான் சம்மதித்தார்.

பேட்டி எடுத்த விதம் வானொலியில் கற்றது. அமீனைப் படுக்கவைத்து, கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார் யோனாஸ். நடந்து முடிந்ததாக அல்ல, இப்போது கண்ணெதிரே நடப்பதாகச் சொல்ல வேண்டும். ‘என்ன ஆச்சு?’ என்று எடுத்ததும் கேட்பதில்லை. வீடு எப்படி இருக்கிறது, சுவர் என்ன நிறம், தோட்டத்தில் என்ன நிற்கிறது என்றுதான் தொடங்குவார். வானொலியில் படம் கிடையாது. பேசுகிறவர்தான் படத்தை எழுப்ப வேண்டும். அந்தப் பழக்கம் இங்கே இரட்டிப்பாக உதவியது. நிறத்தையும் செடியையும் தேடிப் போகும் மனம், கூடவே மறந்துபோனவற்றையும் இழுத்துவரும். வரைபவருக்கோ கற்பனையாக நிரப்பவேண்டிய இடம் குறையும்.

இந்த வகைப் படத்தில் வேலை தலைகீழாக நடக்கும். சாதாரண ஆவணப்படத்தில் மணிக்கணக்கில் படம்பிடித்துவிட்டுக் கடைசியில் வெட்டுவார்கள். இங்கே முதலில் குரலை வெட்டி ஒட்டி, காதால் மட்டும் கேட்டாலே கதை புரியும்படி செய்துவிட வேண்டும். அதன்மேல் பென்சில் கோட்டுப் படங்களை நேரத்துக்கு ஏற்ப அடுக்கிப் பார்ப்பார்கள். அது சரியாக வந்த பிறகே முழு வரைதல். பிறகு ஒரு வாக்கியத்தை நீக்கினால், பல நாள் உழைப்பு குப்பைக்குப் போகும்.

எடுத்துக்காட்டாக, பேசுகிறவர் பதில் சொல்லுமுன் 2 விநாடி பெருமூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினாலும், அந்த மூச்சுக்கு மட்டும் 24 படங்கள் வேண்டும். வார்த்தையே இல்லாத இடம்தானே, வெட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். வெட்டினால் தயக்கமே தெரியாமல், ஒப்பித்த பாடம் போல ஆகிவிடும். தோள் மெல்ல உயர்ந்து இறங்குவதை வரைந்துவிட்டால், குரலுக்கு ஓர் உடம்பு கிடைத்துவிடும். இன்னொரு ஆபத்து, ‘வீடு’ என்றதும் வீட்டையும் ‘கப்பல்’ என்றதும் கப்பலையும் காட்டுவது. அது குழந்தைகளின் பாடப்புத்தகமாகத்தான் முடியும்.

எல்லாமே நினைவில் தெளிவாக இருக்குமா? அமீனின் சகோதரிகளைக் கப்பல் கண்டெய்னருக்குள் அடைத்துக் கடத்துகிறார்கள். அப்போது அவர் அங்கே இல்லை, பின்னால் கேட்டறிந்ததுதான். அந்த இடத்தில் வண்ணம் மறைந்து, கரிக்கோட்டில் இழுத்தது போன்ற முகமற்ற உருவங்கள் வருகின்றன. ‘இதை அவர் பார்க்கவில்லை’ என்று தலைப்புப் போடாமலே ஓவியம் சொல்லிவிடுகிறது. நடுநடுவே காபூல், மாஸ்கோவின் பழைய செய்திப் படக்காட்சிகளும் உண்டு. வரைந்தது என்பதால் இதெல்லாம் கதைதானே என்று நாம் சாய்ந்து உட்காரும் நேரத்தில் அவை வந்து உலுக்குகின்றன. அதேசமயம் சிறுவன் அமீன் பேசும் உரையாடல்கள் நடிகர்கள் பேசியவை. நிஜமான ஒலிப்பதிவு என்றால் எல்லா ஒலியும் நிஜம் என்று பொருள் இல்லை.

2022 ஆஸ்காரில் சிறந்த ஆவணப்படம், அனிமேஷன் படம், சர்வதேசப் படம் என்று மூன்று பிரிவுகளிலும் இது பரிந்துரையானது. ஒரே படம் அப்படி இடம்பெற்றது அதுவே முதல்முறை. விருது கிடைக்கவில்லை.

படத்தின் முடிவில் அமீனும் அவருடைய துணைவரும் கிராமப்புறத்தில் ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். பின்னால் தோட்டம். வரைந்த செடிகொடிகள் மெல்லக் கரைந்து, கேமராவில் பதிவான நிஜத் தோட்டமாக மாறுகின்றன.