அம்மாவுக்கு இரவு, அக்காவுக்குக் காலை

வானொலியில் வேலை செய்பவனுக்கு ஒரே ஒரு கடிகாரம்தான். கலையகச் சுவரில் தொங்கும் அந்தக் கடிகாரம் காட்டுவதுதான் எனக்கும் மணி, கேட்கும் நேயர்களுக்கும் மணி. "இப்போது நேரம் காலை 7.15" என்று நான் சொன்னால் ஜொகூரிலும் கூச்சிங்கிலும் அதே 7.15தான்.

வானொலிக்கு வெளியே, வாரம் ஒருமுறை நான் எழுதி இணையத்தில் வெளியிடும் பதிவுக்கு அந்த வசதி இல்லை. அதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மற்றவர்கள் சென்னை, லண்டன், டொரோன்டோ என்று சிதறிக் கிடக்கிறார்கள். எழுதி முடித்ததும் வெளியிட என்னால் முடியாது. சனிக்கிழமை மாலையில் பெரும்பாலும் நான் ஒலிபரப்பில் இருப்பேன். அதனால் ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே எழுதி, எந்த நாள், எந்த மணிக்கு வெளியாக வேண்டும் என்று குறித்து வைத்துவிடுவேன்.

எந்த மணி என்பதில்தான் சிக்கல். நாம் விரும்பும் ஞாயிறு காலை 7 மணியை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அப்போது விடியற்காலை 4.30. லண்டனில் நள்ளிரவை ஒட்டிய நேரம். டொரோன்டோவில் இன்னும் சனிக்கிழமை மாலையே முடியவில்லை. இதற்குப் பதில் சனிக்கிழமை இரவு 9 மணி என்று வைத்தால் சென்னையில் மாலை 6.30, லண்டனில் நண்பகல் 1 மணி, டொரோன்டோவில் காலை 8 மணி. எல்லாரும் விழித்திருக்கிறார்கள். இது குளிர்காலக் கணக்கு.

எனக்கு இந்த 9 மணி முக்கியமாக இருந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அம்மா ஈப்போவில் தனியாக இருக்கிறார். அக்கா டொரோன்டோவில் தாதி. வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து, சனிக்கிழமை காலை 8 மணிக்கு ரயிலில் வீடு திரும்புவார். பதிவு வந்ததும் அம்மா படித்துவிட்டு அக்காவை அழைப்பார். "தம்பி நம்ம பழைய வீட்டைப் பத்தி எழுதியிருக்கான், பார்த்தியா?" என்று தொடங்கி, அக்கா வீட்டுக் கதவைத் திறக்கும் வரை பேச்சு போகும். வாரத்தில் இருவரும் நிதானமாகப் பேசுவது அந்த அரை மணி நேரம்தான்.

பிப்ரவரியில் அக்கா சொன்னார்: "மார்ச்ல இங்க மணியை மாத்திடுவாங்கடா. நீ அதே 9 மணிக்குப் போட்டா எனக்கு இங்க காலை 9. நான் தூங்கிப் போயிருப்பேன்."

நம் தலைமுறைக்கு இது பழக்கமில்லாத விஷயம். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1-இல் அரை மணி நேரம் முன்னே நகர்ந்து சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. சிங்கப்பூரும் கூடவே வந்தது. அதன்பின் நம் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. டொரோன்டோவிலோ மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். லண்டனில் அதே வேலை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் நடக்கிறது.

முன்கூட்டிக் குறிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பிப்ரவரியில் உட்கார்ந்து, "டொரோன்டோவில் இப்போது மணி என்ன" என்று கைப்பேசியில் தேடினால் 13 மணி நேர வித்தியாசம் தெரியும். அது பிப்ரவரிக்குச் சரி. நாம் குறிப்பதோ மார்ச் 14-க்கான பதிவு. 2026-இல் அங்கே மார்ச் 8-ஆம் தேதியே மணி மாறிவிடுகிறது, வித்தியாசம் 12 ஆகிவிடுகிறது. நாம் குறிக்கும் நாளின் வித்தியாசத்தைப் பார்க்கக் கூடாது, பதிவு வெளியாகும் நாளின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

ஆகவே முதலில் யாருடைய கடிகாரத்தை அசையாமல் வைப்பது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு இரவு 8 ஆனாலும் 9 ஆனாலும் ஒன்றுதான். அக்காவின் ரயில் பயணம் மட்டும் நகராது. டொரோன்டோ காலை 8 மணியை நிலையாக வைத்தேன். குளிர்காலத்தில் நமக்கு இரவு 9, கோடையில் இரவு 8. சென்னைக்கு 6.30 அல்லது 5.30. லண்டனில் வழக்கமாக நண்பகல் 1 மணி. மார்ச்சில் டொரோன்டோ மாறி, லண்டன் மாறாத இரண்டு அல்லது மூன்று வாரங்களில் மட்டும் அவர்களுக்கு 12 மணிக்கே வந்துவிடும். இலையுதிர்காலத்தில் ஒரு வாரம் அதே போல. மெல்பர்னில் ஓரிரு வாசகர்கள் உண்டு. அவர்களுக்கு இது எப்படிப் பார்த்தாலும் இரவு 10 முதல் நள்ளிரவு வரை. எல்லாரையும் ஒரே மணியில் பிடிக்க முடியாது. அவர்கள் ஞாயிறு காலையில் படிக்கிறார்கள்.

நான் பயன்படுத்துவது வேர்ட்பிரஸ். அதில் Settings, பிறகு General, அதில் Timezone என்ற இடத்தில் நம் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலில் ஊர்ப் பெயர்களும் இருக்கும், UTC+8 போன்ற எண்களும் இருக்கும். கோலாலம்பூருக்கு இரண்டும் ஒன்றே, ஏனென்றால் நம் மணி மாறுவதில்லை. ஆனால் டொரோன்டோவில் இருந்துகொண்டு ஒருவர் UTC-5 என்று எண்ணைத் தேர்ந்தெடுத்தால், மார்ச்சுக்குப் பிறகு அவருடைய பதிவுகள் எல்லாம் ஒரு மணி நேரம் தாமதமாகும். Toronto என்ற ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் கோடை மாற்றத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். நான் கோலாலம்பூரையே வைத்துக்கொண்டு, மார்ச்சிலும் நவம்பரிலும் மணியை மாற்றுமாறு நாட்காட்டியில் இரண்டு குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சொந்தமாக இடம் வாடகைக்கு எடுத்து நடத்தும் வேர்ட்பிரஸ் தளத்தில் தானாக ஓடும் கடிகாரம் கிடையாது. யாராவது ஒருவர் தளத்துக்குள் வரும்போதுதான் அது "வெளியிட வேண்டியது ஏதாவது உண்டா" என்று பார்க்கும். அதிகம் பேர் வராத தளமென்றால், 8 மணிப் பதிவு 8.40-க்கு முதல் ஆள் வரும்வரை காத்துக் கிடக்கும். பதிவுப் பட்டியலில் அதன் அருகே Missed schedule என்று தெரியும். வெளியான பிறகு தேதியைப் பார்த்தால் எதுவும் புரியாது, ஏனென்றால் குறித்த மணியைத்தான் அது காட்டும். வாசகருக்குப் போகும் மின்னஞ்சல் எத்தனை மணிக்கு வந்தது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இடம் தரும் நிறுவனத்திடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை wp-cron.php கோப்பை ஓட வைக்கச் சொன்னால் இந்தத் தாமதம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மணி சரியாக இருந்தாலும் சொல் தவறலாம். வானொலியில் முன்கூட்டிப் பதிவு செய்யும்போது "இன்று காலை" என்று சொல்லாமல் பேசப் பழகியிருக்கிறேன். எழுத்துக்கும் அதுவே பொருந்தும். சித்திரை முதல் நாள் வாழ்த்தை ஏப்ரல் 14 காலை 6 மணிக்கு இங்கே வெளியிட்டால், டொரோன்டோவில் அது 13-ஆம் தேதி மாலை 6 மணி. "இன்று புத்தாண்டு" என்று எழுதினால் அக்காவுக்கு அது பொய். "சித்திரை முதல் நாள்" என்று எழுதினால் எங்கிருந்து படித்தாலும் சரி. "நேற்று", "அடுத்த வாரம்" என்ற சொற்களுக்குப் பதில் தேதியையோ கிழமையையோ எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை இரவு ஒரு முறை வரிசையைத் திறந்து பார்ப்பேன். ஐந்து வாரத்துக்கு முன் எழுதிய நகைச்சுவை, இந்த வாரம் ஒரு துக்கச் செய்திக்கு நடுவே போய் விழக்கூடும். குறித்த மணிக்கு வெளியிடத்தான் மென்பொருளுக்குத் தெரியும். ஊரில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. அப்படி ஏதாவது இருந்தால் அதை மறு வாரத்துக்குத் தள்ளிவிட்டு வேறொன்றை வைப்பேன். அதற்காகவே காலத்தோடு ஒட்டாத இரண்டு பதிவுகள் எப்போதும் கையிருப்பில் உண்டு.